பம்ப் நின்றதும் வரும் அந்த ‘டமார்’: உயரக் கட்டடத்தில் வாட்டர் ஹாமர்

கேள்வி: எங்கள் 20 மாடிக் குடியிருப்பில் இரண்டாம் பேஸ்மென்டில் மூன்று பம்ப் உள்ள பூஸ்டர் செட் இருக்கிறது. சம்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. பம்ப் நிற்கும்போது டமார் என்று சத்தம். கரண்ட் போனால் இன்னும் மோசம். 500 லிட்டர் பிரஷர் டேங்க் வாங்கி வைத்தோம், சத்தம் கூடிவிட்டது. இப்போது சர்ஜ் ரிலீஃப் வால்வு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்:

ரிலீஃப் வால்வுக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். முதலில் மூன்று பம்பிலும், தண்ணீர் பின்பக்கம் திரும்பாமல் தடுக்க இருக்கும் செக் வால்வுகளைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய டேங்க் வீணில்லை. அது சரியாக வேலை செய்வதால்தான் சத்தம் கூடியிருக்கிறது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் உங்கள் பிரச்சினைக்கான விடை அந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு கட்டடத்தில் இதே தொல்லையை நான் கையாண்டிருக்கிறேன். அதன் அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன், உங்களுடையதும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். சம்ப்பிலிருந்து மேல்தொட்டியின் வாய் வரை 70 மீட்டர் உயரம். 100 மில்லிமீட்டர் ஜிஐ குழாய். பேஸ்மென்டில் கொஞ்ச தூரம், மொட்டை மாடியில் 15 மீட்டர் படுக்கையாக, எல்லாம் சேர்த்து 95 மீட்டர் நீளம். இரண்டு பம்ப் ஓடினால் மணிக்கு 40 கன மீட்டர் தண்ணீர், அதாவது குழாயில் வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர். இது எந்த வடிவமைப்பாளரும் தப்பென்று சொல்லாத வேகம்.

இப்போது பம்ப் சட்டென்று நிற்கிறது என்று வையுங்கள். சமதளத்தில் கிலோமீட்டர் கணக்கில் போகும் ஊர்க் குழாயாக இருந்தால், உள்ளே ஓடும் தண்ணீரின் வேகம் அடங்கப் பல விநாடிகள் ஆகும். உயரக் கட்டடத்தில் அப்படி இல்லை. குழாயின் நீளமும் ஏற்ற வேண்டிய உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் பம்பின் தள்ளுதல் போன கணமே, குழாயில் இருக்கும் தண்ணீர் மேலே எறிந்த கல் மாதிரி நடந்துகொள்ளும். கல்லின் வேகம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் குறையும். நம் தண்ணீரின் வேகம் அதை 70/95 ஆல் பெருக்கினால் வரும் 7.2 மீட்டர் வீதம் குறையும். 1.3-ஐ 7.2-ஆல் வகுத்தால் 0.18 விநாடி. அவ்வளவுதான். அந்த நேரத்தில் தண்ணீர் இன்னும் ஒரு 12 சென்டிமீட்டர் மேலே போய், நின்று, திரும்பக் கீழே இறங்கத் தொடங்கிவிடும்.

செக் வால்வு அந்த 0.18-ஆவது விநாடியில், தண்ணீர் நின்ற அதே கணத்தில் மூடினால் சத்தமே வராது. ஆனால் சாதாரண ஸ்விங் வகையில், கீலில் தொங்கும் கனமான ஒரு தகடு வளைவாக ஆடி வந்து உட்கார வேண்டும். அதற்கு இன்னும் ஒரு 0.1 விநாடி பிடிக்கிறது என்று வையுங்கள். அதற்குள் தண்ணீர் பின்பக்கமாக விநாடிக்கு 0.7 மீட்டர் வேகம் எடுத்திருக்கும். அந்த ஓட்டத்தைத் தகடு ஒரே அடியில் அறுக்கிறது. அதன் விலை என்ன என்பதை 1898-இல் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதித்துச் சொன்ன சூத்திரம் தருகிறது:

```
ΔP = ρ × a × ΔV
   = 1000 × 1300 × 0.72
   = 936000 Pa  ≈ 9.4 bar
```

இதில் 1300 என்பது இரும்புக் குழாய்க்குள் அழுத்த அலை ஓடும் வேகம், விநாடிக்கு மீட்டரில். தண்ணீர் நிற்கும்போது அடியில் ஏற்கெனவே 7 பார் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 16 பாருக்கு மேல். நான் சொன்ன கட்டடத்தில் பம்புகளின் தண்ணீர் ஒன்றுசேரும் ஹெடர் குழாயில் 10 பார் வரை காட்டும் கேஜ் ஒன்று இருந்தது. அதன் முள் கடைசி ஆணியில் மோதி மோதி வளைந்து, பம்ப் ஓடாதபோதும் பூஜ்யத்துக்கு வராமல் 2-இல் நின்றது. மூன்று மாதத்துக்கு ஒரு கேஜ் மாற்றிக்கொண்டிருந்தார்கள், கேஜின் தரம் சரியில்லை என்று நினைத்து.

செக் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது கதை இன்னும் தெளிவானது. கீல் முளை நுழையும் துளை வட்டமாக இல்லை, தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. தகட்டின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அதாவது அது நேராக உட்காரவே இல்லை, ஒரு ஓரமாக மோதி வழுக்கி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பிளம்பரை ஒரே ஒரு வால்வைத் திறந்து இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அரைநாள் வேலை.

சரி, டேங்க் வைத்தபின் சத்தம் ஏன் கூடியது?

டேங்க் இல்லாதபோது செக் வால்வைப் பின்பக்கமாகத் தள்ள, குழாயில் உள்ள தண்ணீர் முழுவதும் திசை திரும்ப வேண்டும். 95 மீட்டர் குழாயில் சுமார் 830 கிலோ தண்ணீர், ஒரு சின்னக் காரின் எடை. அது திரும்ப 0.18 விநாடி எடுத்துக்கொண்டது. டேங்கை செக் வால்விலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஹெடரில் பொருத்தியிருப்பார்கள், பெரும்பாலும் அங்குதான் இடம் இருக்கும். இப்போது பம்ப் நின்றதும் டேங்கின் காற்று 7 பார் அழுத்தத்தோடு இரண்டு பக்கமும் தள்ளுகிறது. மேல்பக்கம் நல்லது, மாடிக்கு ஏறும் ரைசர் குழாயில் தண்ணீர் மெதுவாக அடங்குகிறது. ஆனால் பம்ப் பக்கம், வால்வுக்கும் டேங்குக்கும் நடுவில் இருப்பது ஒன்பது கிலோ தண்ணீர் மட்டுமே. 830 கிலோவைத் திருப்ப ஆன நேரத்தோடு ஒப்பிட்டால், இதைத் திருப்ப நேரமே ஆகாது. பம்பின் சுழற்சி கொஞ்சம் தளர்ந்து அதன் அழுத்தம் ஹெடருக்குக் கீழே வந்ததும் ஓட்டம் சடாரென்று திரும்பும். ஸ்விங் தகடு முன்பைவிட வேகமாக வந்து அறையும். மூன்று பம்பில் ஒன்று மட்டும் நின்று மற்றவை ஓடும்போதும் இதே கதைதான், அங்கே டேங்கின் வேலையை மற்ற பம்புகள் செய்கின்றன.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டாலும் அழுத்த அலை டேங்கில் போய் உறிஞ்சப்படுகிறது, மேலே போவதில்லை. அடி வாங்குவது வால்வும், அந்த ஒரு மீட்டர் குழாயும், பம்பின் ரப்பர் பெல்லோஸும்தான். மேல் மாடிக்காரர்கள் ‘இப்போது பரவாயில்லை’ என்றும், பேஸ்மென்ட் காவலாளி ‘முன்பைவிட மோசம்’ என்றும் சொன்னால் உங்கள் நிலைமை இதுவேதான்.

அதனால் முதல் செலவு செக் வால்வுக்கு. ஸ்பிரிங் வைத்த, நேர்க்கோட்டில் நகர்ந்து மூடும் வகை வேண்டும். கடையில் சைலன்ட் செக் வால்வு என்பார்கள், உயர்ரகத்தை நாசில் வகை என்பார்கள். இதன் தட்டு ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே நகரும். தண்ணீர் திரும்பும் வரை காத்திராமல், வேகம் குறையும்போதே ஸ்பிரிங் அதை மூடத் தொடங்கிவிடும். இரட்டைத் தகடு வகை விலை குறைவு, ஸ்விங்கைவிட நல்லது, ஆனால் டேங்க் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நான் அதை நம்பமாட்டேன். அளவு விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: ‘பெரிதாகப் போட்டால் நல்லது’ என்று 80 மில்லிமீட்டர் வாங்கிவிடுவார்கள். ஒரு பம்புக்கு மணிக்கு 20 கன மீட்டர் என்றால் 65 மில்லிமீட்டரே போதும், வேகம் 1.7 மீட்டர் வரும், தட்டு முழுதாகத் திறந்து அசையாமல் நிற்கும். பெரிதாக வாங்கினால் பாதி திறந்து படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங்கும் தண்டும் சீக்கிரம் தேயும். தட்டு முழுதாகத் திறக்க எவ்வளவு குறைந்தபட்ச வேகம் வேண்டும் என்பது வால்வின் கேட்டலாக்கில் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, காசே செலவில்லாத ஒன்று. உங்கள் செட்டில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் நிறுத்தும் ரேம்ப், அதாவது முழு வேகத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் நேரம், எத்தனை விநாடி என்று பாருங்கள். நாங்கள் பார்த்த செட்டில் 3 விநாடி. ‘மெதுவாகத்தானே நிற்கிறது, பிறகு ஏன் சத்தம்’ என்று கேட்டார்கள். அந்த 3 விநாடியில் தண்ணீருக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். அந்தப் பம்ப் 50 ஹெர்ட்ஸில், வால்வை மூடி ஓட்டினால் 95 மீட்டர் வரை தள்ளும். வேகம் குறையும்போது இந்த உயரம் வேகத்தின் வர்க்கமாகக் குறையும். 43 ஹெர்ட்ஸ் வந்ததுமே அது 70 மீட்டருக்கு இறங்கிவிடும், அதாவது தண்ணீர் ஏறுவது நின்றுவிடும். 43-இலிருந்து பூஜ்யம் வரை மோட்டார் சும்மா சுற்றுகிறது. 3 விநாடி ரேம்ப்பில் 50 முதல் 43 வரை ஆவது 0.4 விநாடி மட்டுமே. அதற்குள் முழு ஓட்டமும் அடங்கியாக வேண்டும்.

அதை 20 விநாடியாக மாற்றினோம், பயனுள்ள நேரம் 2.8 விநாடி ஆனது. பழைய தேய்ந்த ஸ்விங் வால்வுகளோடேயே சாதாரண நிறுத்தத்தின் சத்தம் அன்று மாலையே ஒரு சின்னத் ‘தட்’டாகக் குறைந்தது. சில பம்ப் டிரைவ்களில் செக் வால்வுக்கென்றே தனி ரேம்ப் அமைப்பு உண்டு. இருந்தால் 50 முதல் 42 வரை மெதுவாகவும், அதன்பின் வேகமாகவும் இறங்கும்படி வைக்கலாம். உங்கள் பம்புக்கு அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது: கையால் ஹெர்ட்ஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், மேலே ஒருவர் தொட்டியின் வாயில் நின்று தண்ணீர் நின்றதும் போனில் சொல்லட்டும்.

ஆனால் கரண்ட் போகும்போது ரேம்ப் எதுவும் உதவாது. டிரைவுக்கே உயிர் இல்லை. இந்த வகை செங்குத்து மல்டிஸ்டேஜ் பம்புகளில் சுழலும் பாகம் மிக லேசு, தானாகச் சுற்றிக்கொண்டே நிற்க அதில் எடை கிடையாது. நம் ஊரில் மின்சாரம் போவதும் ஜெனரேட்டர் எடுப்பதும் அன்றாடம், அதனால் மோசமான அடி எது என்று கேட்டால் இதுதான். இதற்குத்தான் டேங்க் வேண்டும்.

டேங்க் இல்லாத நிலையில் கரண்ட் போகும்போது மேலே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செக் வால்வை மாற்றியபின்னும் சிலர் ‘மொட்டை மாடியில் சத்தம் போகவில்லை’ என்பார்கள். பம்ப் நின்றதும் ஒரு தாழ்வழுத்த அலை குழாய் வழியே ஏறும். 0.07 விநாடியில் உச்சிக்குப் போய்விடும். அடியில் இழப்பதற்கு 7 பார் இருந்தது. மொட்டை மாடியில் படுக்கையாகப் போகும் குழாயில், தொட்டியின் வாய்க்கு 3 மீட்டர் கீழே என்றால், இருப்பது 0.3 பார்தான். அங்கே அழுத்தம் வெற்றிடம் வரை விழுந்து, தண்ணீர்த் தண்டு அறுந்துவிடும். நடுவில் ஆவி நிறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகும். பிறகு தொட்டிப் பக்கத் தண்ணீர் திரும்பி ஓடிவந்து அந்த இடைவெளியை மூடும்போது இரண்டாவது டமார். இது முதல் சத்தத்துக்குச் சற்றுப் பிந்தி, மேலே கேட்கும். கீழே ஒருவர், மேலே ஒருவர் போனில் இருந்துகொண்டு பம்பை மெயின் சுவிட்சில் நிறுத்திப் பாருங்கள். கீழே மட்டும் கேட்டால் செக் வால்வு. மேலேயும் தனியாகக் கேட்டால் தண்டு அறுகிறது.

டேங்க் இருந்தால் இது நடக்காது. அதன் அளவுக்கு ஒரு நேரான கணக்கு இருக்கிறது. 830 கிலோ தண்ணீர் 1.3 மீட்டர் வேகத்தில் போகிறது, அந்த ஆற்றலைக் காற்று ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கொள்ள வேண்டும்:

```
ΔP = V × √( m × n × P / C )
   = 1.3 × √( 826 × 1.2 × 800000 / 0.1 )
   ≈ 116000 Pa  ≈ 1.2 bar
```

இதில் C என்பது டேங்க் வேலை அழுத்தத்தில் இருக்கும்போது உள்ளே உள்ள காற்றின் கன அளவு, இங்கே 100 லிட்டர், அதாவது 0.1 கன மீட்டர். P என்பது காற்று மண்டல அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். m தண்ணீரின் எடை, V அதன் வேகம், n காற்று அமுங்கும் விதத்துக்கான எண். ஆக 100 லிட்டர் காற்று இருந்தாலே அழுத்தம் ஒன்றேகால் பார்தான் ஏறி இறங்கும். அடியில் 1.2 பார் குறைந்தால், தொட்டிக்கு 15 மீட்டர் தள்ளியிருக்கும் ரைசர் முனையில் குறைவது 0.2 பார். அங்கே 0.3 இருந்தது, வெற்றிடம் ஆகாது, தண்டு அறாது. உராய்வை விட்டுவிட்ட தோராயக் கணக்கு இது. ஆனால் அளவைத் தேர்ந்தெடுக்க இது போதும்.

இப்போது உங்கள் 500 லிட்டருக்கு வருவோம். அளவு தாராளம். ஆனால் உள்ளே உண்மையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது பிரிசார்ஜை, அதாவது தண்ணீர் ஏறும் முன் டேங்கில் அடைத்து வைத்த காற்றின் அழுத்தத்தை, பொறுத்தது. பெட்டியில் வந்தபடி 2 பாரில் விட்டிருந்தால், 7 பார் தண்ணீர் ஏறியதும் 190 லிட்டர் காற்று இருக்கும், பரவாயில்லை. ரப்பர்ப் பை கிழிந்தோ காற்று கசிந்தோ போயிருந்தால் டேங்க் முழுக்கத் தண்ணீர், வெறும் இரும்பு உருளை. நாங்கள் 200 லிட்டர் டேங்கில் 5 பார் வைத்தோம். 7 பாரில் அதில் 150 லிட்டர் காற்று இருக்கும். கரண்ட் போய் அழுத்தம் 6-க்கு இறங்கினாலும் பை அடிமுட்டாது. பிரிசார்ஜ் பார்க்கும்போது தண்ணீர்ப் பக்க வால்வை மூடி, டேங்கின் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வடிக்காமல் கேஜ் வைத்தால் தண்ணீரின் அழுத்தம்தான் தெரியும், எப்போதும் 7 என்று காட்டி ஏமாற்றும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். டேங்கின் அழுத்தத் தரம் 16 பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், 10 பார் டேங்க் இந்த உயரத்துக்கு எனக்குச் சம்மதமில்லை.

பட்ஜெட் இல்லை, டேங்கே வேண்டாம் என்கிற கட்டடங்களில் ரைசரின் உச்சியில் ஏர் வால்வு வைத்துத் தண்டு அறுவதைச் சமாளிப்பார்கள். தாழ்வழுத்தம் வந்ததும் காற்றை உள்ளே விடும். வைப்பதாக இருந்தால், காற்றை வேகமாக உள்ளே விட்டு மெதுவாக வெளியே விடும் நான்-ஸ்லாம் வகை மட்டுமே வையுங்கள். சாதாரண வகை காற்றை வேகமாக வெளியேற்றும், அடுத்த முறை பம்ப் ஓடியதும் தண்ணீர் வந்து அதன் பந்தில் மோதி அங்கே ஒரு புது டமார் தொடங்கும். ஜெனரேட்டர் எடுத்ததும் பம்ப் உடனே ஓடாமல் ஒரு நிமிடமாவது தாமதம் வைப்பதும் இதே காரணத்துக்காக. அலை அடங்கி, தண்ணீர்த் தண்டு நின்ற பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும். இந்தத் தாமதத்தை டேங்க் இருந்தாலும் வையுங்கள்.

கடைசியாக, உங்களிடம் விற்கப் பார்க்கும் ரிலீஃப் வால்வு. அழுத்தம் எல்லை தாண்டியதும் திறந்து தண்ணீரை வெளியே விடுவது அதன் வேலை. நம் குழாயில் அலை மேலே போய்த் திரும்பிவர 0.15 விநாடிதான் ஆகிறது. செக் வால்வு அறையும் அடியோ அதைவிடச் சட்டென்று உச்சத்துக்குப் போகிறது. பைலட் வைத்த ரிலீஃப் வால்வு திறக்க யோசிப்பதற்குள் அது முடிந்துவிடும். அறைவதையும் அது தடுக்காது, தண்டு அறுவதையும் தடுக்காது. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ஊர்க் குழாய்களில் அலை திரும்பப் பல விநாடிகள் ஆகும், அங்கே அது நல்ல கருவி. உங்கள் தொட்டியில் ஃப்ளோட் வால்வு இருந்து, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மூடுகிறது என்றால் ஒரு ரிலீஃப் வால்வு வைக்க நியாயம் உண்டு. ஆனால் அப்போதும் முதலில் செய்ய வேண்டியது, ஃப்ளோட் மூடும் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே லெவல் சென்சார் பம்பை ரேம்ப்பில் நிறுத்தும்படி வைப்பது.

செய்யும் வரிசை இதுதான்: ரேம்ப்பை இன்றே மாற்றுங்கள். டேங்கின் தண்ணீரை வடித்து பிரிசார்ஜ் பாருங்கள். மூன்று செக் வால்வையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க ஆசைப்படாதீர்கள், பழையது அடிக்கும் சத்தத்தில் எதுவும் புரியாது. பிறகு, இரண்டு பம்ப் முழு ஓட்டத்தில் இருக்கும்போது பேனலின் மெயினை இறக்கிப் பாருங்கள். கேஜ் முள்ளை நம்ப வேண்டாம், அது இவ்வளவு வேகத்துக்கு ஓடாது. விநாடிக்கு ஆயிரம் முறை பதியும் பிரஷர் லாகர் ஒருநாள் வாடகைக்குக் கிடைத்தால் ஹெடரில் மாட்டுங்கள். எங்கள் கட்டடத்தில் வேலை முடிந்தபின் உச்சம் 8.4 பார் என்று பதிவானது. உங்களுக்கு 10-க்கு மேல் வந்தால், வால்வுக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள தூரத்தையும், மூன்று பம்பில் எது கடைசியாக மூடுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.